80 சதவீதம் எங்கிருந்து வந்தது? பொள்ளாச்சிப் பக்கத்து பித் பிளாக் யூனிட் ஒன்றின் கடன் விண்ணப்பம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

பொள்ளாச்சிக்கு அருகே தென்னை நார்க்கழிவை, அதாவது பித்தை, கழுவி, உலர்த்தி, 5 கிலோ பிளாக்காக அழுத்தி விற்கும் சிறிய யூனிட் அது. ஒரு பிரஸ், இரண்டு ஏக்கர் சிமெண்ட் களம், இருபதுக்குக் குறைவான ஆட்கள். நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது. சரக்கில் பெரும்பகுதி ஒரே ஏற்றுமதி வியாபாரிக்குப் போகிறது. வங்கியில் 15 லட்சம் சிசி உண்டு, அதாவது அந்த வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, பணம் வரும்போது கட்டும் நடைமுறைக் கடன். கணக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை.

யூனிட்டின் சிக்கல் மழை. பித்தை வெயிலில்தான் உலர்த்தியாக வேண்டும். எங்கள் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குச் சாரல். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. இந்த ஐந்து மாதமும் பிரஸ் பாதி நாள் சும்மா நிற்கும். 2022-23-ல் மொத்த உற்பத்தி 700 டன். பிப்ரவரியில் 85 டன், நவம்பரில் 30 டன்.

விறகில் எரியும் உருளை ட்ரையர் ஒன்றைப் போட உரிமையாளர் முடிவு செய்தார். ஷெட்டும் சேர்த்துச் செலவு 54 லட்சம். அதில் 14 லட்சம் கையிலிருந்து; 40 லட்சம் வங்கியில் ஐந்தாண்டுத் தவணைக் கடன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும் வேலை என்னிடம் வந்தது. கீழே வரும் முதல் தவறுகள் எல்லாம் என்னுடையவை.

முதல் விண்ணப்பம்: ஜூன் 2023

நான் செய்தது, இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். பிரஸ்ஸின் திறன் மாதம் 100 டன். ட்ரையர் வந்தபின் 80 சதவீதத் திறனில் ஓடும் என்று வைத்து, பன்னிரண்டு மாதத்துக்கும் 80 டன் என்று நிரப்பினேன். ஆண்டுக்கு 960 டன். டன்னுக்கு 18,000 ரூபாய் விலை, 12,000 ரூபாய் மாறும் செலவு, மாதம் 2.4 லட்சம் நிலையான செலவு. விறகுச் செலவு டன்னுக்கு 800 ரூபாய். இது ட்ரையர் விற்பவரின் கொட்டேஷனில் இருந்த எண். பணம் 30 நாளில் வரும், ஏனென்றால் பில்லில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. சிசியை விற்றுமுதலில் 20 சதவீதம் என்ற வழக்கமான கணக்கில் 34 லட்சமாக உயர்த்தச் சொல்லிக் கேட்டேன்.

ஆண்டுக்குத் தவணையும் வட்டியும் சேர்ந்து 11.8 லட்சம். அதைக் கட்டக் கிடைக்கும் பணம் 26.7 லட்சம் என்று வந்தது. டிஎஸ்சிஆர், அதாவது கட்டவேண்டிய தொகையைப் போல எத்தனை மடங்கு பணம் கையில் இருக்கும் என்ற விகிதம், 2.26. (எளிமைக்காக இந்தக் கட்டுரை முழுவதும் வருமான வரியை விட்டுவிட்டே சொல்கிறேன்.) வங்கிகள் பொதுவாக 1.25-க்குக் கீழே போகக்கூடாது என்று பார்க்கும் விகிதம் அது. பார்க்க அழகாக இருந்தது. அனுமானங்களுக்கென்று கடைசிப் பக்கத்தில் ஏழு வரி. முதல் வரி: ‘திறன் பயன்பாடு 80 சதவீதம் எனக் கொள்ளப்பட்டது.’ யார் கொண்டது, எதை வைத்துக் கொண்டது என்பது அந்த வரியில் இல்லை.

வங்கியில் நடந்தது

மூன்று வாரம் கழித்துக் கடன் பிரிவு அதிகாரி எங்கள் இருவரையும் அழைத்தார். ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்திருந்தார். 960 என்ற எண்ணைச் சுற்றிப் பென்சிலில் வட்டம்.

“நவம்பருக்கு 80 டன்னுன்னு போட்டிருக்கீங்க. போன நவம்பர்ல எவ்வளவு?”

“முப்பதுங்க மேடம்,” என்றார் உரிமையாளர். “ஆனா அப்ப ட்ரையர் இல்லீங்களே.”

“சரி. அந்த ட்ரையருக்குள்ள பித்து எவ்வளவு ஈரத்துல போகும்?”

உரிமையாளர் என்னைப் பார்த்தார். நான் கொட்டேஷனைப் புரட்டினேன். மணிக்கு 500 கிலோ என்று இருந்தது; உள்ளே போகும் ஈரம் எவ்வளவு என்று எங்கும் இல்லை. அவர் விண்ணப்பத்தை நிராகரிக்கவில்லை. “இதுல எந்த எண்ணையும் என்னால சரிபார்க்க முடியல. முடியுற மாதிரி கொண்டு வாங்க,” என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் உரிமையாளருக்கு எரிச்சல். “நாலு வருஷமா ஒரு நாள் வட்டி தவறினதில்லீங்க, நம்மள நம்பலியே” என்றார். அதிகாரி அவரைச் சந்தேகப்படவில்லை என்பது என் கருத்து. அந்தக் கோப்பு அவர் மேசையிலிருந்து இன்னொருவரிடம் போகும். அங்கே கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ‘வாடிக்கையாளர் சொன்னார்’ என்பது அங்கே பதிலாகாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*உற்பத்தி.* சதவீதத்தைத் தூக்கிப் போட்டோம். 2022-23-ன் பன்னிரண்டு மாத உற்பத்தியையும் தனித்தனியாக எழுதி, பக்கத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று சான்று வைத்தோம்: ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் காட்டிய விற்பனை, இ-வே பில்களின் மொத்த எடை, ஈபி பில்லின் யூனிட். மூன்றாவதுதான் உதவியது. பிரஸ், பம்ப், சலிப்பான் எல்லாம் ஒரே மீட்டரில் ஓடுவதால் டன்னுக்கு இவ்வளவு யூனிட் என்று ஒரு விகிதம் தானாகவே விழுகிறது. பிப்ரவரியில் 85 டன்னுக்கு 5,230 யூனிட், அதாவது டன்னுக்கு 62. நவம்பரில் 30 டன்னுக்கு 2,060, டன்னுக்கு 69. உற்பத்தி குறைந்த மாதத்தில் விளக்கும் பம்ப்பும் அதே அளவு இழுப்பதால் சற்றுக் கூடும், அது இயல்பு. உரிமையாளர் விற்பனையை ஊதிக் காட்டியிருந்தால் மீட்டர் அதோடு ஒத்துப்போயிருக்காது.

*விறகு.* இங்கேதான் முதல் ரிப்போர்ட் ஓட்டையாக இருந்தது. ட்ரையர் விற்பவரிடம் தொலைபேசியில் கேட்டோம். அவருடைய எண்கள் 40 சதவீத ஈரத்தில் போகும் பித்துக்கு. அதாவது களத்தில் ஏற்கெனவே பாதி காய்ந்தது. மழையில் களத்தில் எதுவும் காயாது. கழுவிப் பிழிந்த பித் 65 சதவீத ஈரத்தில்தான் உள்ளே போகும்.

கணக்கு சின்னதுதான். 15 சதவீத ஈரமுள்ள ஒரு டன் பிளாக்கில் உலர்ந்த பொருள் 850 கிலோ. அதே 850 கிலோ, 40 சதவீத ஈரத்தில் 1,417 கிலோ எடை இருக்கும். ஆகவே 417 கிலோ தண்ணீரை ஆவியாக்கினால் போதும். 65 சதவீத ஈரத்தில் 2,430 கிலோ. 1,430 கிலோ தண்ணீர் போக வேண்டும். மூன்றரை மடங்கு. ஒரு கிலோ தண்ணீருக்குச் சுமார் 400 கிராம் விறகு, விறகு டன் 5,000 ரூபாய் என்று வைத்தால், பாதி காய்ந்த பித்துக்கு டன்னுக்கு 850 ரூபாய் ஆகிறது. விற்பவர் சொன்ன 800 இதுதான். மழைக்காலப் பித்துக்கு 2,850 ரூபாய்.

டன்னுக்கு மிஞ்சுவதே 6,000 ரூபாய் இருக்கும் இடத்தில் இது சின்ன வித்தியாசமில்லை. கூடவே ட்ரையரின் வேகமும் அதே அளவு குறைகிறது. மணிக்கு 500 கிலோ 145 கிலோவாகிவிடும். நாளைக்குப் பத்து மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் 36 டன். நவம்பரின் பழைய 30 டன்னோடு இதைச் சேர்த்தாலும் 80 வராது. முதல் ரிப்போர்ட்டின் 80 எந்த வழியிலும் நடக்காத எண். அந்த 36-லும் பழுதுக்கும் விறகுத் தட்டுப்பாட்டுக்கும் இடம் விட்டு, மழை மாதங்களுக்கு 20 முதல் 25 டன் மட்டுமே கூட்டினோம். நவம்பர் 55. ஆண்டு மொத்தம் 960-லிருந்து 845-க்கு இறங்கியது.

*பணம் வரும் நாள்.* கடைசி 24 பில்களை எடுத்து, பில் தேதியிலிருந்து வங்கியில் பணம் விழுந்த தேதி வரை எண்ணினோம். சராசரி 52 நாள். அந்த ஆண்டுதான் வருமான வரிச் சட்டத்தில் 43பி(ஹெச்) பிரிவு வந்திருந்தது. குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவை வாங்குபவர் கழிக்க முடியாது. “அப்ப 45-ன்னு போடலாமுங்களே” என்றார் உரிமையாளர். நான் வேண்டாம் என்றேன். ஜூலை பில்லை வியாபாரி 80 நாள் இழுத்தாலும் மார்ச் 31-க்குள் கட்டிவிட்டால் அந்த ஆண்டிலேயே கழித்துக்கொள்வார். அவருக்கு ஒன்றும் உறைக்காது. சட்டத்தில் இருக்கும் நாளைப் போடாமல் பாஸ்புத்தகத்தில் தெரியும் நாளைப் போடுவது என்று முடிவாகி, 52-ஐ மேல்நோக்கி முழுதாக்கி இரண்டு மாதமாக எடுத்துக்கொண்டோம்.

இதைப் போட்டதும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. நெருக்கடி மழை மாதத்தில் வரும் என்றுதான் நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம். அட்டவணையில் நவம்பரில் 2 லட்சம் மிஞ்சியது. பள்ளம் ஜனவரியில் இருந்தது.

> ஜனவரி வரவு: நவம்பரில் விற்ற 55 டன் × 18,000 = 9.9 லட்சம்
> ஜனவரி செலவு: 80 டன் × 12,000 = 9.6 லட்சம், நிலையான செலவு 2.4 லட்சம், தவணையும் வட்டியும் 1 லட்சம், மொத்தம் 13 லட்சம்
> குறை: 3.1 லட்சம்

மழை விட்டு, வெயில் அடித்து, வேலை சூடுபிடிக்கும் மாதத்தில் கையில் வருவது மழை மாதத்து விற்பனையின் பணம். டிசம்பர், பிப்ரவரியையும் சேர்த்தால் மொத்தக் குறை 5 லட்சத்துக்கு ஒட்டி. உரிமையாளர் இதைக் கண்டு, “ஒவ்வொரு தையும் இப்படித்தாங்க ஆகும், பண்டிகைச் செலவுன்னு நினைச்சுக்குவேன்” என்றார். ஆகவே சிசியை 34 லட்சமாகக் கேட்காமல் 20 லட்சமாக மட்டும் கேட்டோம். 15-க்கு மேல் அந்த 5 ஏன், எந்த மாதத்தில், எதற்கு என்பது அட்டவணையிலேயே இருந்தது.

*எழுதிய விதம்.* ஒவ்வொரு அனுமானத்துக்கும் நான்கு கட்டம் வைத்தோம்: எண், எங்கிருந்து வந்தது, எதைப் பார்த்துச் சரிபார்க்கலாம், எப்போது பொய்க்கும். விறகு வரி இப்படி இருந்தது:

> மழை மாத விறகு: டன்னுக்கு ரூ.2,850. உள்ளே போகும் ஈரம் 65 சதவீதம், வெளியே வருவது 15, கணக்கு இணைப்பில். சரிபார்க்க: யூனிட்டில் ஈரமானியில் அளக்கலாம், விறகு விலைக்கு உள்ளூர் விறகுக் கடை மூன்றின் பில் இணைப்பில். பொய்க்கும் இடம்: விறகு நனைந்தால், விலை 30 சதவீதம் ஏறினால் ரூ.3,700 ஆகும்.

காகிதத்தோடு எக்செல் கோப்பையும் கொடுத்தோம். அனுமானங்கள் ஒரே தாளில். மற்ற எல்லாம் அதிலிருந்து சூத்திரத்தில் ஓடும். அவர் ஒரு எண்ணை மாற்றினால் ஜனவரிப் பள்ளம் வரை மாறும். இதை முதலிலேயே செய்யாததற்குக் காரணம் வெட்கம்தான். முதல் ரிப்போர்ட்டின் கோப்பில் பாதிக் கட்டங்களில் எண்ணைக் கையால் தட்டியிருந்தேன்.

அதிகாரி சோதித்தது: ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை

புதிய கணக்கில் கட்டக் கிடைக்கும் பணம் 18.4 லட்சம், விகிதம் 1.56. முதலாவதைவிட நன்றாகக் குறைவு. அதிகாரி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யூனிட்டுக்கு வந்து, களத்தில் கழுவிப் பிழிந்திருந்த பித்தை எங்கள் ஈரமானியில் தானே அளந்தார். ஒரு இடத்தில் 63, இன்னொரு இடத்தில் 67. ஈபி பில்களில் நாங்கள் இணைக்காத ஒரு மாதத்தைத் தானாகக் கேட்டு வாங்கினார்.

அப்புறம் நாங்கள் பயந்த இடத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தொட்டார். விலையை 18,000-லிருந்து 17,000 ஆக்கினார். டன்னுக்கு மிஞ்சுவது 5,000 ஆனது. கட்டக் கிடைக்கும் பணம் 10 லட்சம், கட்டவேண்டியது 11.8. ஆயிரம் ரூபாய் விலை இறங்கினால் தவணை நிற்கும்.

உற்பத்தியிலும் விறகிலும் இத்தனை நாள் செலவிட்ட நாங்கள் விலைக்கு ஆண்டுச் சராசரியைப் போட்டுவிட்டு நகர்ந்திருந்தோம். இதற்குப் பதில் தேடியபோதுதான் தவறான எண்ணை அனுமானமாக வைத்திருந்தது புரிந்தது. பிளாக் விலை இறங்கும்போது நார் மில்களில் பச்சைப் பித்தின் விலையும் சில வாரத்தில் இறங்கும். ஆகவே அசைவதை விலையில் பார்ப்பதைவிட இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் பார்ப்பதே சரி. இரண்டாண்டுக் கொள்முதல் பில்லையும் விற்பனைப் பில்லையும் மாதவாரியாக எதிரெதிரே வைத்தோம். டன்னுக்கு மிஞ்சியது அதிகபட்சம் 6,700; மிக மோசமான ஆறு மாதத்தின் சராசரி 5,400. ஐந்தாயிரத்துக்கு அது போனதில்லை.

அதிகாரி 5,400-ஐப் போட்டுப் பார்த்தார். விகிதம் 1.13. அவருடைய கோப்புக்கு அது போதாது. அவரே ஒரு வழி சொன்னார்: தவணையை 60 மாதத்திலிருந்து 72 மாதமாக்கலாம். கட்டவேண்டியது ஆண்டுக்கு 10.5 லட்சமாகிறது, மோசமான இடைவெளியிலும் 1.27. வட்டி மொத்தத்தில் கூடும் என்று உரிமையாளர் தயங்கினார். நான் ஒத்துக்கொள்ளச் சொன்னேன், ஏனென்றால் 5,400 ஏற்கெனவே ஒருமுறை நடந்த எண். அக்டோபரில் 40 லட்சம், 72 தவணை, சிசி 20 லட்சம் என்று அனுமதி வந்தது.

பிறகு நடந்தது: 2024-25

ட்ரையர் மார்ச் 2024-ல் ஓடத் தொடங்கியது. 2024-25 நிதியாண்டின் உற்பத்தி 812 டன், நாங்கள் சொன்ன 845-க்கு 33 குறைவு. குறைந்ததில் பெரும்பகுதி ஜூலையில். புகைக்குழாய் வழியாக வந்த தீப்பொறி தூசியைப் பிரிக்கும் சைக்ளோன் என்ற பாகத்தில் தங்கியிருந்த பித் தூளில் பற்றியது. பெரிய சேதம் இல்லை, ஆனால் பாகம் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. உலர்ந்த பித் பஞ்சைப்போலக் கனன்றுகொண்டே இருக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்; எங்கள் அட்டவணையின் ‘பொய்க்கும் இடம்’ என்ற கட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை.

விறகு மழை மாதங்களில் டன்னுக்கு 3,700 ரூபாய் ஆனது. நாங்கள் எழுதிய மோசமான எண்ணே வந்தது. அதைத் திறமை என்று சொல்ல முடியாது. மழையில் வாங்கும் விறகு நனைந்துதான் வரும் என்பதை அடிப்படை எண்ணிலேயே வைத்திருக்க வேண்டும். டன்னுக்கு மிஞ்சியது சராசரி 5,750. எல்லாம் சேர்ந்து ஆண்டு விகிதம் 1.3-க்குச் சற்று மேலே நின்றது. தவணை எதுவும் தவறவில்லை. பழைய 60 மாதத் தவணையாக இருந்திருந்தால் 1.2-க்குப் போயிருக்கும்.

ஜனவரி மூன்றாம் வாரம் சிசியில் எடுத்திருந்தது 19.2 லட்சம். மாதம் சரியாக இருந்தது. ஆனால் நாங்கள் நினைத்ததைவிட நெருக்கமாகப் போனதற்கு இன்னொரு காரணம் இருந்தது: அக்டோபர் பில் ஒன்று 96 நாள் நின்றுவிட்டது. 90 நாளைத் தாண்டிய பில்லை வங்கி எடுப்பு வரம்புக் கணக்கில், அதாவது சிசியில் எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கில், சேர்க்காது. பணமும் வரவில்லை, அதைக் காட்டி எடுக்கவும் முடியவில்லை. உரிமையாளர் டிசம்பர் கடைசியிலேயே அதிகாரியை அழைத்து அந்த ஒரு பில்லைப் பற்றிச் சொல்லிவிட்டார். அட்டவணையைப் பார்த்திருந்த அதிகாரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

வசூல் நாளுக்குச் சராசரியை மட்டும் எழுதமாட்டேன். மிக மெதுவான மூன்று பில்லையும் தனியாக எழுதி, அவை 90 நாளைத் தாண்டினால் எடுப்பு வரம்பு எவ்வளவு சுருங்கும் என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்த மூன்றும் ஒரே வியாபாரியுடையவை என்பதையும் எழுத வேண்டியிருந்தது. அதிகாரி கேட்கவில்லை என்பதற்காக நாங்களும் சொல்லாமல் விட்டோம், அது சரியில்லை.

விறகை ஏப்ரல், மே மாதங்களிலேயே வாங்கி ஷெட்டில் அடுக்குவதாகக் கணக்குப் போடுவேன். ஒரு மழைக்காலத்துக்குச் சுமார் 65 டன், 3.3 லட்சம் ரூபாய். பிப்ரவரி, மார்ச் விற்பனையின் பணம் வரும் அந்த இரண்டு மாதமும் மிச்சம் விழும் மாதங்கள் என்பதால் தாங்கும்; ஆனால் பணப்புழக்கத்தில் அந்தச் செலவு மழையில் இல்லாமல் கோடையில் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் உரிமையாளர் அப்படியே வாங்கினார். மொத்தமாக எடுத்ததால் விலையில் ஏதாவது குறைத்தார்களா என்று கேட்டேன். “குறைக்கலீங்க, ஆனா காஞ்ச விறகா வந்துச்சு” என்றார்.